கணவரின் பணிக்கொடை கைக்கு வந்த விதம்

உப்புவெளி ஹோட்டலொன்றில் 7 வருடங்கள் வேலை செய்த என் கணவர், மாரிகாலத்தில் ஆட்குறைப்பு நடந்தபோது வேலையை இழந்தார். பணிக்கொடை கேட்டபோது, தங்களிடம் இப்போது 9 பேரே இருப்பதால் சட்டம் பொருந்தாது என்றார்கள். முகாமையாளரிடம் பேசியும் கடிதம் எழுதியும் பயனில்லை. இவரோ மனம் தளர்ந்து, விட்டுவிடுவோம் என்றார்.

நான் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தைத் தேடி வாசித்தேன். வேலை முடிந்த நாளின் ஆளணியை மட்டும் அது பார்ப்பதில்லை. அதற்கு முந்தைய 12 மாதங்களில் ஏதாவது ஒரு நாளிலேனும் 15 பேர் வேலை செய்திருந்தால் போதும். சுற்றுலாப் பருவத்தில் ஒட்டியிருந்த பணிமுறை அட்டவணையை இவர் தொலைபேசியில் படமெடுத்து வைத்திருந்தார். அதில் 22 பெயர்கள் இருந்தன. அந்தப் படத்தையும் நியமனக் கடிதத்தையும் இணைத்துத் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு செய்தோம். கடைசி மாதச் சம்பளம் 60,000 ரூபா. வருடத்துக்கு அதில் பாதி வீதம் 2,10,000 ரூபா கிடைத்தது. அடுத்த வேலையை அவசரப்படாமல் தேட இவருக்கு அதுவே அவகாசம் தந்தது.