கொண்டிருப்பது காலம் அல்ல: காலத்தையும் வினைநோக்கையும் குழப்பும் சில தவறுகள்

பேருந்து நிலையக் கடைகளில் விற்கும் ஆங்கிலக் கையேடு எதை எடுத்துப் புரட்டினாலும் நடுவில் ஒரு கட்டம் இருக்கும். கீழ்நோக்கி பாஸ்ட், பிரசென்ட், ஃபியூச்சர். குறுக்கே சிம்பிள், கன்டினியுவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ். மூன்றை நான்கால் பெருக்கி 'பன்னிரண்டு டென்ஸ்' என்று தலைப்பு போட்டிருப்பார்கள். அந்தத் தலைப்பில்தான் முதல் தவறு இருக்கிறது. கீழ்நோக்கி இருக்கும் மூன்றும் காலம். குறுக்கே இருக்கும் நான்குக்கும் காலத்தோடு நேரடி உறவு எதுவும் இல்லை. கன்டினியுவஸ் என்பது எப்போது நடந்தது என்று சொல்வதில்லை. நடந்ததை எங்கே நின்று பார்க்கிறோம் என்றுதான் சொல்கிறது.

மொழியியலில் இதற்கு ஆஸ்பெக்ட் என்று பெயர். அதற்கு இணையான ரஷ்ய இலக்கணச் சொல் 'வித்'. காட்சி, தோற்றம் என்று பொருள். அதனால் இந்தக் கட்டுரையில் நான் வினைநோக்கு என்று எழுதுகிறேன். வேறு பெயர்களும் புழக்கத்தில் உண்டு. எந்தப் பெயர் என்பதைவிட, அது காலம் இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

நேற்று மாலை 7 மணிக்கு நான் சமைக்கத் தொடங்கி 7.40க்கு அடுப்பை அணைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்தது அவ்வளவுதான், இனி மாறப்போவதில்லை. இதை மூன்று விதமாகச் சொல்லலாம்.

7.20க்குக் கரண்ட் போயிருந்தால், "கரண்ட் போனபோது சமைத்துக்கொண்டிருந்தேன்." இங்கே கேட்பவரை நடந்துகொண்டிருந்த வேலைக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறேன். தொடக்கமும் முடிவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. 8 மணிக்குக் கரண்ட் போயிருந்தால், "கரண்ட் போனபோது சமைத்திருந்தேன்." வேலை பின்னால் கிடக்கிறது, அதன் விளைவான சோறும் குழம்பும் முன்னால் இருக்கின்றன. கரண்டைப் பற்றிய பேச்சே இல்லாமல், "நேற்று நான்தான் சமைத்தேன்" என்றால், நாற்பது நிமிடமும் ஒரே பொட்டலமாகி வெளியிலிருந்து பார்க்கப்படுகிறது.

மூன்றுமே இறந்தகாலம். 7 முதல் 7.40 வரை என்ற நேரமும் மூன்றிலும் அதேதான். மாறியது நிகழ்ச்சியின் வடிவம் மட்டும். மொழியியலாளர் பெர்னார்ட் காம்ரி 1976இல் வெளியிட்ட நூலில் சொன்னதும் இதுவே: காலம் நிகழ்ச்சியை வெளியே ஒரு புள்ளியோடு ஒப்பிட்டு வைக்கிறது, வினைநோக்கு நிகழ்ச்சியின் உள்ளமைப்பைப் பற்றிப் பேசுகிறது.

இது வெறும் சொல் விளையாட்டா என்று சந்தேகம் வந்தால், 'போனபோது' என்பதை எடுத்துவிட்டு 'போனதும்' என்று போட்டுப் பாருங்கள். "கரண்ட் போனதும் சமைத்தேன்" சரியாக ஒலிக்கிறது: ஒன்று முடிந்து அடுத்தது. "கரண்ட் போனதும் சமைத்துக்கொண்டிருந்தேன்" என்பது இடறுகிறது. 'போனதும்' தனக்குப் பின்னால் தொடக்கமுள்ள ஒரு முழு நிகழ்ச்சியை எதிர்பார்க்கிறது. கொண்டிருந்தேன் என்பதோ தொடக்கத்தை மறைத்து வைக்கிறது. இரண்டு வாக்கியமும் இறந்தகாலம்தான், ஆகவே இடறலுக்குக் காலம் காரணமாக முடியாது.

காலத்தைத் தவறான இடத்தில் தேடுவது

தமிழ் இந்த விஷயத்தில் ஆங்கிலத்தைவிட வெளிப்படையான மொழி. சமைத்துக்கொண்டிருந்தேன், சமைத்துக்கொண்டிருக்கிறேன், சமைத்துக்கொண்டிருப்பேன் ஆகிய மூன்றையும் அடுக்கிப் பார்த்தால் 'சமைத்துக்கொண்டு' அசையவே இல்லை. காலம் முழுக்கக் கடைசியில் இருக்கும் 'இரு' என்ற துணைவினையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆக, காலம் வேண்டுமா, வினையின் வாலைப் பாருங்கள். வடிவம் வேண்டுமா, நடுவில் என்ன துணைவினை வருகிறது என்று பாருங்கள்.

இதில் நம் பள்ளி இலக்கணமே ஒரு பொறி வைத்திருக்கிறது. 'சமைத்து' என்பதை இறந்தகால வினையெச்சம் என்று படித்திருக்கிறோம். பெயரைக் கேட்டால் கடந்துபோன ஏதோ ஒன்றைக் குறிப்பது போலிருக்கும். ஆனால் "நாளைக்குச் சமைத்து வைக்கிறேன், வந்து சாப்பிடு" என்கிறோம். அந்தச் சமையலும் வரவில்லை, சாப்பாடும் வரவில்லை. எச்சத்தில் இருப்பது வரிசை: இது முன், அது பின். பேசும் நேரத்துக்கு முன்னா பின்னா என்பதை அது சொல்வதில்லை. 'சமைத்துக்கொண்டிருப்பேன்' என்பதில் இறந்தகாலமும் எதிர்காலமும் மோதுகிறதே என்று குழம்பும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். குறை அவர்களுடையதல்ல, பெயருடையது.

காலமே இல்லாத இடத்திலும் வினைநோக்கு இருக்கும் என்பதுதான் எனக்குப் பிடித்த சான்று. ஏவல் வினைக்குக் கால இடைநிலை கிடையாது. ஆனாலும் "பேசு" வேறு, "பேசிக்கொண்டிரு" வேறு. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "நீங்க பேசிக்கிட்டிருங்க, நான் வந்துடுறேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரே மூச்சில் பாடம் முழுவதும் இருக்கிறது. முதல் வினையில் காலமே இல்லை, தொடர்ச்சி இருக்கிறது. இரண்டாவது வினையில் உருவம் நிகழ்காலம், நடக்கப்போவது இனிமேல், பார்வையோ முழுமையாக முடிந்து நிற்கும் ஒரு நிகழ்ச்சியின் மேல்.

முழுமையை இறந்தகாலம் என்று நினைப்பது

நிகழ்ச்சியை ஒரே முழுத் துண்டாகப் பார்க்கும் நோக்குக்கு ஆங்கிலத்தில் பெர்ஃபெக்டிவ் என்று பெயர். அதைக் கேட்டதும் 'முடிந்துபோனது' என்று மொழிபெயர்த்து, அங்கிருந்து 'ஆகவே இறந்தகாலம்' என்று தாவிவிடுகிறார்கள். முழுமையாகப் பார்ப்பதற்கு அது நடந்து முடிந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. "வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடுவேன்" என்பதில் எழுத்து இன்னும் தொடங்கவே இல்லை. ஆனாலும் அதைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே துண்டாகத்தான் கண்முன் நிறுத்துகிறோம். "எழுதிக்கொண்டிருப்பேன்" என்று சொல்லிப் பாருங்கள், வெள்ளிக்கிழமை வேலை கையில் வராது என்று கேட்பவர் புரிந்துகொள்வார். இரண்டும் எதிர்காலம். கடன் வாங்கியவர் எந்த வடிவத்தில் பதில் சொல்கிறார் என்று கவனிப்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரஷ்ய மொழியில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 'பிஷூ' என்றால் எழுதுகிறேன். அதன் முன்னால் ஓர் ஒட்டைச் சேர்த்து, அதே ஈற்றோடு 'நபிஷூ' என்றால் எழுதிவிடுவேன். முழுமை நோக்கு வந்த உடனே அந்த வடிவம் எதிர்காலப் பொருளுக்குப் போய்விடுகிறது. பேசும் கணத்தில் நடுவழியில் இருக்கும் வேலையை முழுத் துண்டாகப் பார்க்க இயலாது அல்லவா, அதனால் அங்கே முழுமை நோக்குக்கு நிகழ்காலமே கிடையாது. முழுமை இறந்தகாலத்தின் மறுபெயர் என்றால் இப்படி நடக்கவே முடியாது.

ஓர் எச்சரிக்கை. தமிழில் 'விடு'வைத் தூய முழுமைக் குறி என்று எழுதிவைத்துவிடாதீர்கள். "குடம் உடைந்தது" என்பதும் முழுமைதான். "குடம் உடைந்துவிட்டது" என்பதில் இனி ஒட்ட முடியாதே என்ற மனத்தாங்கலும் சேர்ந்து வருகிறது. விடு, போ, தொலை, கொள் போன்ற துணைவினைகள் வடிவத்தோடு பேசுபவரின் மனநிலையையும் சுமந்து வருபவை. 'அவன் வந்து தொலைந்தான்' என்பதில் எவ்வளவு இலக்கணம், எவ்வளவு எரிச்சல் என்று பிரித்துக் காட்டுவது கடினம்.

தொடர் வடிவமோ முடிவுக்கு எந்த உத்தரவாதமும் தராது. "அவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார்" என்பதிலிருந்து வீடு எழுந்தது என்று முடிவுகட்ட முடியாது. அஸ்திவாரத்தோடு நின்றிருந்தாலும் வாக்கியம் உண்மைதான். "அவர் நடந்துகொண்டிருந்தார்" என்றாலோ, ஓரளவாவது நடந்தார் என்பது உறுதி. கட்டுவதற்கு ஓர் இறுதி எல்லை உண்டு, நடப்பதற்கு இல்லை என்பதே காரணம். மொழியியலாளர் டேவிட் டௌட்டி 1970களில் எடுத்து ஆராய்ந்த புதிர் இது. செய்தி மொழிபெயர்ப்பில் 'அரசு பாலம் கட்டிக்கொண்டிருந்தது' என்று மூலம் சொல்ல, 'அரசு பாலம் கட்டியது' என்று தமிழில் வந்தால், இல்லாத ஒரு பாலம் பத்திரிகையில் எழுந்துவிடும். காலம் சரி, வடிவம் போயிற்று.

ஆங்கில 'இங்'கைக் கண்ட இடமெல்லாம் 'கொண்டிரு' போடுவது

மொழிபெயர்ப்புகளைத் திருத்தும்போது நான் அதிகம் அடிக்கோடிடுவது இதைத்தான். ஒரு கதையில் 'ஷி இஸ் வேரிங் எ சாரி' என்று வருகிறது. 'அவள் சேலை கட்டிக்கொண்டிருக்கிறாள்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கில வாக்கியத்தில் அவள் உடுத்தித் தயாராக நிற்கிறாள். தமிழ் வாசகர் மனத்திலோ கொசுவம் மடித்துக்கொண்டிருக்கும் பெண் வருகிறாள், கதவைத் தட்ட யோசிப்பார். அங்கே வேண்டியது 'கட்டியிருக்கிறாள்'.

காரணம் வினையின் உள்ளே இருக்கிறது. ஆங்கில 'வேர்' உடுத்தியிருக்கும் நிலையைக் குறிக்கும் வினை. தமிழ்க் 'கட்டு' ஒரு செயல். செயலுக்குப் பின் நீடிக்கும் நிலையைச் சொல்ல நமக்கு 'எச்சம் + இரு' வேண்டும். 'ஹி இஸ் சிட்டிங்' என்பதும் அப்படியே. நம் 'உட்கார்' என்பது உடல் கீழே இறங்கும் அந்த ஒரு கணம். ஆகவே எழுத்தில் 'உட்கார்ந்திருக்கிறார்' என்பதே பொருத்தம். பேச்சில் 'உக்காந்துட்டிருக்கார்' என்பது சகஜம், அதை யாரும் தவறு சொல்ல வேண்டாம். கையேட்டுக் கட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு இன்னொரு சிக்கலும் வரும். 'கட்டியிருக்கிறாள்' என்பது பெர்ஃபெக்ட் போலத் தோற்றமளிக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு இணை கன்டினியுவஸ். இரண்டு மொழிகளும் ஒரே காட்சியை வேறு வேறு ஜன்னல் வழியாகப் பார்க்கின்றன, இரண்டுமே நிகழ்காலம்.

பேச்சுத் தமிழில் கவனிக்க வேண்டிய ஓர் இடம் மட்டும் பாக்கி. 'கொண்டு' தேய்ந்து 'கிட்டு' ஆகி, பலர் வாயில் 'ட்டு' ஆகிவிட்டது. 'விட்டு' என்பதும் தேய்ந்து 'ட்டு' ஆகிவிட்டது. ஒன்று நடுவில் நிற்பது, இன்னொன்று முடித்துவிட்டு நகர்வது. நேர் எதிரான இரண்டு நோக்குகளுக்கு ஒரே ஒலி. "சாப்பிட்டுட்டு இருக்கேன்" என்றால் கை இன்னும் இலையில்தான். "சாப்பிட்டுட்டு வரேன்" என்றால் கை கழுவியபின்தான் கிளம்புவார். பின்னால் வரும் வினையை வைத்துத்தான் பிரித்துக்கொள்கிறோம். அது போதாத இடத்தில் ஓர் ஏகாரம் வேலை செய்கிறது: "சாப்பிட்டுட்டுப் பேசு" என்றால் முதலில் சாப்பாடு, "சாப்பிட்டுட்டே பேசு" என்றால் வாயில் சோற்றோடு பேச்சு.