காந்தப்புலம் ஒரு பக்கம் வலுவாக இருந்தால் புரோட்டான் எந்தப் பக்கம் நகரும்?

சீரான காந்தப்புலத்தில் மின்துகள் வட்டமடிக்கும் என்பது பிளஸ் டூவிலேயே படித்ததுதான். ஆனால் சீரான புலம் என்பது பாடப்புத்தகத்தில்தான் அதிகம் கிடைக்கும், வெளியே பெரும்பாலும் ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் கொஞ்சம் வலுக்குறைந்தும்தான் இருக்கும். அப்படி இருந்தால் அந்த வட்டம் இருந்த இடத்தில் நிற்காமல் மெல்ல நகர ஆரம்பிக்கும். எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பதிவு. பூமியைச் சுற்றித் திரியும் ஒரு புரோட்டானை எடுத்துக்கொள்வோம்: பூமியின் மையத்திலிருந்து 4 பூமி ஆரம் தொலைவு, நிலநடுக்கோட்டுத் தளம், ஆற்றல் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட். பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: படம் போடுங்கள்

வடதுருவத்துக்கு மேலிருந்து கீழே பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். பேப்பரின் இடது ஓரத்தில் பூமி, வலது பக்கம் நம் புரோட்டான். நிலநடுக்கோட்டில் பூமியின் காந்தப்புலம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் போகிறது, அதாவது இந்தப் படத்தில் பேப்பரிலிருந்து நம் முகத்தை நோக்கி வெளியே வருகிறது. அதைப் புள்ளிகளாகப் போடுங்கள், பூமிக்குக் கிட்டே நெருக்கமாக, தள்ளிப் போகப் போக இடைவெளி விட்டு. வடக்கிலிருந்து பார்த்தால் பூமி இடஞ்சுழியாகச் சுற்றுகிறது, அதனால் புரோட்டான் இருக்கும் இடத்தில் பேப்பரின் மேல்பக்கம் கிழக்கு, கீழ்ப்பக்கம் மேற்கு. இதை ஓரத்தில் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் விடை சரியாக வந்தும் திசைப் பெயர் மாறிப்போகும்.

படி 2: துகளை ஒரு சுற்று ஓட விடுங்கள்

புலம் நம்மை நோக்கி வரும்போது நேர் மின்னூட்டம் வலஞ்சுழியாகச் சுற்றும். ஆக, வட்டத்தின் இடது பாதியில் புரோட்டான் மேலே ஏறுகிறது, வலது பாதியில் கீழே இறங்குகிறது. இடது பக்கம் புலம் வலு அதிகம், அதனால் பாதை இறுக்கமாக வளைகிறது, வளைவின் ஆரம் சிறியது. வலது பக்கம் புலம் தளர்வு, வளைவு அகலம். வேகம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், காந்த விசை வேலை எதுவும் செய்யாது, மாறுவது ஆரம் மட்டுமே.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். இறுக்கமான வளைவில் கொஞ்சம் ஏறுகிறது, அகலமான வளைவில் அதைவிடக் கூடுதலாக இறங்குகிறது, அதனால் ஒரு சுற்று முடியும்போது தொடங்கிய இடத்துக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கிறது. கீழே என்றால் மேற்கு. புரோட்டான் மேற்கே நகர்கிறது.

இதிலிருந்தே ஒரு விதி கிடைத்துவிடுகிறது: வலுக்குறைந்த பக்கத்தில் துகள் எந்தத் திசையில் ஓடுகிறதோ, அந்தத் திசையில்தான் மொத்த நகர்வும். எலக்ட்ரானுக்கும் இதே விதிதான். அது எதிர்ச்சுழியாகச் சுற்றுவதால் வலது பக்கத்தில் மேலே ஏறும், ஆக கிழக்கே போகும். மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை என்பதால் கைவிதியைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

படி 3: கைவிதி வேண்டும் என்பவர்களுக்கு

வலது கை விரல்களைக் காந்தப்புலத்தின் திசையில் நீட்டுங்கள். பிறகு புலம் *கூடும்* திசையை நோக்கி விரல்களை மடக்குங்கள். கட்டைவிரல் காட்டுவது நேர் மின்னூட்டத்தின் நகர்வு, எதிர் மின்னூட்டத்துக்கு நேர் எதிர்த்திசை. நம் படத்தில் விரல்கள் பேப்பரிலிருந்து வெளியே நீண்டு, இடப்பக்கம் பூமியை நோக்கி மடங்குகின்றன, கட்டைவிரல் கீழே, மறுபடி மேற்கு. வழுக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: தூரத்தோடு புலம் மாறும் வீதத்தைச் சாய்வு என்பார்கள், அந்தச் சொல்லைக் கேட்டதும் சரிவில் இறங்குவது போலத் தோன்றி, புலம் குறையும் பக்கம் விரலை மடக்கிவிடுவார்கள், விடை தலைகீழாகிவிடும். சந்தேகம் வந்தால் படி 2-ஐ ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அரை நிமிடம் ஆகாது.

படி 4: வேகம்

```
v = W / (q B L)
```

W என்பது புலத்துக்குச் செங்குத்தான இயக்கத்தின் ஆற்றல், q மின்னூட்டம், B புலவலிமை, L என்பது புலம் எவ்வளவு தூரத்தில் கணிசமாக மாறுகிறது என்பதைச் சொல்லும் நீளம் (புலவலிமையை அதன் சாய்வால் வகுத்தால் வருவது). பூமியின் புலம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால் இங்கே L என்பது தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு.

நிலநடுக்கோட்டில் தரைமட்டத்தில் புலம் சுமார் 31,000 நானோ டெஸ்லா. 4 மடங்கு தூரத்தில் அதை 64-ஆல் வகுக்க வேண்டும், சுமார் 484 நானோ டெஸ்லா. தூரம் சுமார் 25,500 கி.மீ., ஆக L சுமார் 8,500 கி.மீ. ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் இருந்தால் ஒரு வசதி, W/q என்பது அப்படியே 100,000 வோல்ட் ஆகிவிடும்:

```
v = 100000 / (4.84e-7 × 8.5e6) ≈ 24000 m/s
```

நொடிக்கு 24 கி.மீ. இந்த வேகத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவர ஒரு மணி 50 நிமிடம் போல ஆகும்.

சூத்திரத்தில் நிறை இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதே ஆற்றலுள்ள எலக்ட்ரானும் ஏறத்தாழ இதே வேகத்தில்தான் எதிர்ப்பக்கம் போகும் (சார்பியல் திருத்தம் போட்டால் 8 சதவீதம் போலக் குறையும்). எலக்ட்ரானின் வட்டம் மிகச் சிறியது, ஒரு சுற்றில் அது நகரும் தூரமும் சிறியது, ஆனால் ஒரு நொடியில் அது போடும் சுற்றுகள் அத்தனை அதிகம், இரண்டும் ஈடுகட்டிவிடுகின்றன.

படி 5: விடையைச் சோதியுங்கள்

இந்தப் புரோட்டானின் சொந்த வேகம் நொடிக்குச் சுமார் 4,400 கி.மீ., அதன் வட்ட ஆரம் 94 கி.மீ., ஒரு சுற்றுக்கு 0.135 நொடி. அப்படியானால் ஒரு சுற்றில் நகர்வது வெறும் 3.3 கி.மீ. சுருள்வில்லைப் படுக்கவைத்து நன்றாக அமுக்கினால் எப்படி வளையம் வளையமாக நெருங்கி நிற்குமோ, பாதை அப்படி இருக்கும். படத்தில் வளையங்களை நன்றாகத் தள்ளித் தள்ளிப் போடுவது புரிவதற்காக மட்டுமே.

நகர்வு வேகத்துக்கும் சொந்த வேகத்துக்கும் உள்ள விகிதம், ஆரத்துக்கும் L-க்கும் உள்ள விகிதத்தில் சரிபாதியாக வர வேண்டும். இங்கே 94/8,500 என்பது 1.1 சதவீதம், 24/4,400 என்பது 0.55 சதவீதம், பொருந்துகிறது. ஆரம் L-இல் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் சூத்திரத்தை நம்பாதீர்கள். ஒரு சுற்றுக்குள் புலம் கொஞ்சமே மாறும் என்று வைத்துத்தான் அது வந்தது, அந்த நிலையில் பாதையைக் கணினியில் அடி அடியாகப் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

இன்னொரு எல்லை ஆற்றல் குறைந்த பக்கம் இருக்கிறது. 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் புரோட்டானுக்கு இந்த நகர்வு நொடிக்குக் கால் கி.மீ.கூட வராது, ஆனால் பூமியோடு சேர்ந்து சுழலும் மின்புலம் அதே இடத்தில் எல்லாத் துகள்களையும் நொடிக்கு 1.85 கி.மீ. வேகத்தில் கிழக்கே தள்ளுகிறது, அங்கே அதுதான் ஜெயிக்கும். அப்புறம், புலக்கோட்டின் வழியாகவும் ஓடும் துகள்களுக்கு வளைவினால் வரும் நகர்வையும் சேர்க்க வேண்டும், நல்லவேளையாக அதுவும் இதே திசையில்தான்.

நேர் மின்னூட்டம் மேற்கே, எதிர் மின்னூட்டம் கிழக்கே என்றால் மின்னோட்டக் கணக்கில் இரண்டும் மேற்கு நோக்கித்தான் சேர்கின்றன. பூமியைச் சுற்றி ஓடும் வளைய மின்னோட்டத்தின் ஒரு பெரும் பகுதி இது. படத்தில் அதை வலஞ்சுழி வளையமாக வரைந்து அதன் புலத்தைப் பாருங்கள், உள்ளே தெற்கு நோக்கி இருக்கும், பூமியின் வடக்கு நோக்கிய புலத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். சூரியப் புயலின்போது இந்த வளையத்தில் துகள்கள் பெருகுவதால்தான் தரையில் உள்ள காந்தமானிகளில் புலம் இறங்குகிறது. கனடாவின் கியூபெக் மாகாணம் மின்சாரமின்றி இருளில் மூழ்கிய 1989 மார்ச் புயலில், அந்த இறக்கத்தைக் குறிக்கும் குறியீட்டெண் −589 நானோ டெஸ்லா வரை போனது.