சோபிக்ளோன் போட்ட மறுநாள் வாய் கசக்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூக்கத்துக்காக சோபிக்ளோன் எடுப்பவர்கள் காலையில் எழுந்ததும் பெரும்பாலும் சொல்வது, இரும்பைச் சப்பியது போல வாய் கசக்கிறது என்பதுதான். தண்ணீர்கூடக் கசக்கும். இந்த மருந்தின் மிகப் பொதுவான பக்கவிளைவே இதுதான். இதன் நெருங்கிய உறவான எஸோபிக்ளோனிலும் இதே கசப்பு உண்டு.

மாத்திரை தொண்டையில் ஒட்டிக்கொண்டதால் கசக்கிறது என்று நினைப்பதுதான் முதல் தவறு. வயிற்றுக்குப் போன மருந்து இரத்தத்தில் கலந்து, அங்கிருந்து உமிழ்நீர் வழியாக மறுபடி நாக்குக்கே வருகிறது. இரவு 10.30 மணிக்கு 7.5 மி.கி. விழுங்கியவருக்கு நள்ளிரவு வாக்கில் இரத்தத்தில் மருந்து உச்சத்தில் இருக்கும். பிறகு ஏறக்குறைய 5 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அப்படியானால் காலை 10 மணிக்கும் உச்ச அளவில் கால் பங்கு மிச்சமிருக்கும். வயதானவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் மருந்து வெளியேற இன்னும் நேரமாகும். கசப்போடு தலை கிறுகிறுப்போ தூக்கக் கலக்கமோ இருந்தால் வண்டி எடுக்காதீர்கள்.

எத்தனை முறை பல் துலக்கினாலும் கசப்பு திரும்பி வருவது இதனால்தான். புதிதாக ஊறும் உமிழ்நீரிலும் மருந்து இருக்கிறது. ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிப்பான் வாயை இன்னும் உலர்த்தும். வாய் வறட்சியும் இந்த மருந்தின் அறியப்பட்ட விளைவே. அதற்கு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிப்பதும், பகலில் சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்லுவதும் உதவும். சர்க்கரை மிட்டாயைத் தொடர்ந்து சப்பினால், வறண்ட வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். மாத்திரை போட்டபின் வாயில் எதையும் அடக்கிக்கொண்டு படுக்கவே கூடாது, புரையேறும்.

மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துச் சாப்பிடுவது வேலையைக் கெடுக்கும். மேலுறை உள்ளே இருக்கும் கசப்பை மூடத்தான் இருக்கிறது. முழுதாகத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுங்கள்.

கசப்பு திடீரென்று கூடினால் கூடவே வேறென்ன மருந்து சேர்ந்தது என்று பாருங்கள். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் ஆகியவை சோபிக்ளோனை உடலில் அதிக நேரம் தங்க வைக்கும். அமிட்ரிப்டிலின் போன்றவை வாயை இன்னும் உலர்த்தும். மருத்துவர் அளவைக் குறைக்கச் சொல்லலாம், 3.75 மி.கி. மாத்திரையும் உண்டு. கனடாவில் 2014 முதல் அதுவே தொடக்க அளவு.

கசப்பைத் தாங்க முடியாமல், வாரக்கணக்கில் எடுத்த மருந்தை ஒரே நாளில் நிறுத்துவதும் தவறு. தூக்கமின்மை முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம். படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையை மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தை நிறுத்திச் சில நாட்கள் கழிந்தும் கசப்பு போகவில்லை என்றால், அதற்குச் சோபிக்ளோன் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஈறு, சைனஸ், நெஞ்செரிச்சல் பக்கம் தேட வேண்டும். முகமோ உதடோ வீங்கினால், மூச்சு திணறினால் அது இந்தக் கசப்புக் கணக்கில் சேராது, உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.