கிக்கின் வாலில் மாட்டிய பேஸ்: சைட்செயினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு தம்பி பென் டிரைவோடு வந்தான். செல்லூரில் மாடி அறைதான் என் ஸ்டுடியோ. கீழ்வீட்டில் தறி ஓடுகிற நேரம் போக மற்ற நேரத்தில்தான் மிக்ஸிங். பாட்டைப் போட்டதும், "அண்ணே, கிக்கு வர்றப்ப பேஸ் ஒதுங்குது, ஆனா திரும்பி வரவே மாட்டேங்குது. ரிலீஸை எம்புட்டு கொறைச்சாலும் அப்படியேதான் இருக்கு" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவன்மேல் இல்லை. இதே வாக்கியத்தைப் பல வருடங்களுக்கு முன்பு நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

கிக் அடிக்கும்போதெல்லாம் கம்ப்ரஸர் பேஸின் சத்தத்தை அமுக்கி வழிவிட வைப்பதுதான் சைட்செயின். அதில் த்ரெஷோல்டு என்றால் என்ன, ரேஷியோ என்றால் என்ன என்று நூறு வீடியோக்கள் சொல்லிவிட்டன. அதனால் அங்கே போகவில்லை. எனக்குக் காசு செலவு வைத்த ஒரு தவறைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். மற்றவை போகிற போக்கில்.

இடது கிளிக்

FL Studio-வில் கிக் ட்ராக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பேஸ் ட்ராக்கின் அடியில் இருக்கும் அம்பை ரைட் கிளிக் செய்து `Sidechain to this track` கொடுக்க வேண்டும். இடது கிளிக் செய்தால் கிக்கின் சத்தமே பேஸ் ட்ராக்குக்குள் போய், பேஸோடு சேர்ந்து அதுவும் அமுங்கும்.

மொத்த டிரம்ஸையும் கீயாகக் கொடுப்பது

ஸ்னேர் அடிக்கும்போதும் பேஸ் ஏன் ஒதுங்க வேண்டும்? கிக்கை மட்டும் கொடுங்கள்.

ரிலீஸ் குமிழைக் குறைத்தால் பேஸ் சீக்கிரம் வந்துவிடும் என்று நம்புவது

இதுதான் அந்தத் தவறு.

மேலூர்ப் பக்கம் ஒரு ஊரில் முளைப்பாரி ஊர்வலத்துக்கு ஐந்து நிமிட டான்ஸ் ட்ராக் கேட்டார்கள். வேகம் 125 BPM. நாலு அடிக்கும் நாலு கிக், இரண்டு கிக்குக்கு நடுவில் சரியாக ஒரு பேஸ் நோட்டு. ஹெட்போனில் கேட்டு, திருப்தியாகி, பைலை அனுப்பிவிட்டு நானும் ஊருக்குப் போனேன். ரேடியோ செட்டுக்காரர் லாரி முழுக்கப் பெரிய பேஸ் பாக்ஸ் அடுக்கியிருந்தார். பாட்டு ஆரம்பித்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. "தம்பி, பாட்டு விக்குது. இது என் பெட்டிக் கோளாறு இல்ல" என்றார். ஆடிக்கொண்டிருந்த பையன்கள் நின்றுவிட்டார்கள். அவர் தன் பழைய பென் டிரைவைச் சொருகினார். வாங்கிய நாலாயிரத்தை மறுநாள் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் சொன்ன விக்கல் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. கணக்கு இதுதான். 60,000-ஐ 125-ஆல் வகுத்தால் 480. அதாவது ஒரு கிக்குக்கும் அடுத்த கிக்குக்கும் இடையே 480 மில்லிசெகண்டு. நடுவில் விழும் பேஸ் நோட்டு 240-இல் தொடங்குகிறது. ஆக, 240-க்கு முன்னாடியே கம்ப்ரஸர் கையை எடுத்துவிட வேண்டும். நான் வைத்திருந்த ரிலீஸ் 100 மில்லிசெகண்டு. போதுமே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் ரிலீஸ் எப்போது எண்ண ஆரம்பிக்கிறது? கிக் அடித்த நொடியிலிருந்து இல்லை. கிக்கின் சத்தம் த்ரெஷோல்டுக்குக் கீழே இறங்கிய பிறகுதான். நான் எடுத்த கிக் சாம்பிளுக்கு நீளமான வால். 'டும்' என்று அடித்துவிட்டு 'ம்ம்ம்' என்று 380 மில்லிசெகண்டு இழுக்கும். த்ரெஷோல்டை -30 dB-இல் வைத்திருந்தேன். அந்த 'ம்ம்ம்' அந்தக் கோட்டுக்குக் கீழே வருவதற்கே 290 மில்லிசெகண்டு ஆனது. அதுவரைக்கும் கம்ப்ரஸர் பேஸின் கழுத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை. அதற்கப்புறம்தான் என் 100 மில்லிசெகண்டு தொடங்கியது. 240-இல் வந்த பேஸ் நோட்டுக்கு முகமே இல்லை. முக்கால்வாசி அமுங்கிய பிறகு, அடுத்த கிக்குக்குக் கொஞ்சம் முன்னால் திடீரென்று தலையைத் தூக்கியது. அதுதான் விக்கல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பேஸ் இன்னும் நன்றாக ஒதுங்கட்டும் என்று த்ரெஷோல்டை நாம் இறக்க இறக்க, வாலின் இன்னும் பெரிய பகுதி கோட்டுக்கு மேலே வந்துவிடுகிறது. ஆழத்தைக் கூட்டுவதாக நினைத்து நேரத்தையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டிருக்கிறோம். இது ஹெட்போனில் ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். என்னுடையது மலிவான ஹெட்போன். பேஸின் மேல்பகுதிக் கரகரப்பைத்தான் அதில் கேட்டேன். 50, 60 ஹெர்ட்ஸில் விழுந்த பள்ளம் அந்தப் பெரிய பெட்டிகளில்தான் தெரிந்தது.

சரி, ரிலீஸை 10 மில்லிசெகண்டாகக் குறைத்தால்? அந்தத் தம்பி செய்தது அதைத்தான். நானும் அன்றைக்கு அதைத்தான் செய்தேன். பேஸ் சீக்கிரம் வரவில்லை, புதிதாக ஒரு கரகரப்பு வந்து சேர்ந்தது. கிக்கின் வால் 50 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அலை ஒருமுறை மேலே போய்க் கீழே வந்து முடிய 20 மில்லிசெகண்டு. மேலே ஒரு உச்சம், கீழே ஒரு உச்சம் என்று 10 மில்லிசெகண்டுக்கு ஒரு உச்சம் வருகிறது. ரிலீஸும் அதே அளவுக்குக் குறுகிவிட்டால், இரண்டு உச்சங்களுக்கு நடுவில் கம்ப்ரஸர் கையை எடுக்கிறது, உடனே மறுபடி அமுக்குகிறது. நொடிக்கு நூறு தடவை. பேஸின் வால்யூம் அந்த வேகத்தில் நடுங்கினால் நம் காது அதை வால்யூம் மாற்றமாகக் கேட்காது, கிழிந்த ஸ்பீக்கர் மாதிரிதான் கேட்கும். பேஸ் சின்த்தில் டிஸ்டார்ஷன் இருக்கிறதோ என்று நான் ஒரு நாள் முழுக்க அங்கே தேடிக்கொண்டிருந்தேன்.

உங்கள் பாட்டில் இது நடக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பேஸ் ட்ராக்கில் இருக்கும் நோட்டுகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, நாலு பார் நீளத்துக்கு ஒரே ஒரு சைன் நோட்டைப் போடுங்கள். FL Studio-வின் பியானோ ரோலில் A2 நோட்டு என்றால் 55 ஹெர்ட்ஸ். சைட்செயின் அப்படியே இருக்கட்டும். பேஸ் ட்ராக்கை மட்டும் ஆடியோவாக ரெண்டர் செய்து அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு கிக்குக்கும் ஒரு பள்ளம் தெரியும். பள்ளத்தின் அடி எவ்வளவு தூரம் தட்டையாகப் போகிறது என்று அளந்து பாருங்கள். அந்தத் தட்டையான நீளம் உங்கள் கிக்கின் வால் த்ரெஷோல்டுக்கு மேலே நிற்கிற நேரம். அது முடிந்து மேலே ஏறுகிற சரிவுதான் உங்கள் ரிலீஸ். அடிப்பகுதி தட்டையாக இல்லாமல் ரம்பப் பல்லாக இருந்தால் ரிலீஸ் அளவுக்கு மீறிக் குறுகிவிட்டது என்று அர்த்தம்.

அந்தத் தம்பியின் பைலிலும் இதைச் செய்து காட்டினேன். தட்டை 270 வரைக்கும் போனது. "அப்ப நான் ரிலீஸைத் திருகுனது பூராவும் வீணாண்ணே?" என்றான். பூராவும்தான்.

தீர்வு, கேட்கிற கிக்கையும் கம்ப்ரஸருக்குக் காட்டுகிற கிக்கையும் பிரித்துவிடுவது. இதற்குக் கோஸ்ட் கிக் என்று பெயர். எங்கள் அறையில் பேய்க் கிக். கம்ப்ரஸருக்கு மட்டும் கேட்கும், நமக்குக் கேட்காது. புதிதாக ஒரு சேனலில் குட்டையான சத்தம் ஒன்றைப் போடுங்கள். மூடிய ஹை-ஹாட்டே போதும். அதை 30 முதல் 40 மில்லிசெகண்டுக்குள் வெட்டிவிடுங்கள். கிக் விழும் ஒவ்வொரு இடத்திலும் அதையும் வையுங்கள், எல்லாம் ஒரே வெலாசிட்டியில். அதற்குத் தனி மிக்ஸர் ட்ராக் கொடுத்து, அங்கிருந்து `Master`-க்குப் போகும் அம்பை அணைத்துவிடுங்கள். பிறகு பேஸுக்கு `Sidechain to this track`. பேஸ் ட்ராக்கில் Fruity Limiter-ஐப் போட்டு, `COMP` பக்கத்துக்குப் போய், சைட்செயின் எண்ணை 1 ஆக்கி, த்ரெஷோல்டை இறக்கி, ரேஷியோவை ஏற்றினால் பேய் வேலையைத் தொடங்கிவிடும்.

ஹை-ஹாட்டைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதில் 50 ஹெர்ட்ஸ் அலை இல்லை, அதனால் மேலே சொன்ன நடுக்கமும் இல்லை. வாலும் இல்லை. ஆனால் பேராசைப்பட்டு 3 மில்லிசெகண்டு கிளிக்காக வெட்டாதீர்கள். அட்டாக் 5 மில்லிசெகண்டு என்றால், கம்ப்ரஸர் கண்ணை முழுசாகத் திறப்பதற்குள் பேய் போய்விடும், பேஸ் சரியாக ஒதுங்காது.

மேலூர் ட்ராக்கை அப்புறம் இப்படித்தான் திருத்தினேன். பேய்க் கிக் 35 மில்லிசெகண்டு, அட்டாக் 2, ரிலீஸ் 120. பேஸ் ஆறு dB ஒதுங்கி, ஏறக்குறைய 200-க்குள் திரும்பி வந்துவிட்டது. 240-இல் விழும் நோட்டு முழுசாகக் கிடைத்தது. கிக்கின் வால் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேனா என்றால், இல்லை. பேஸ் இப்போது சீக்கிரம் வருவதால் அது கிக்கின் 'ம்ம்ம்'மோடு மோதியது. கிக் சாம்பிளையே 220-க்குள் ஃபேட் செய்தேன். பேய்க் கிக் இதைச் சரிசெய்யாது. பேஸ் எப்போது திரும்பி வரும் என்பதைத்தான் அது தீர்மானிக்கும். அங்கே இடம் காலியாக இருக்கிறதா என்பது கிக்கின் நீளத்தைப் பொறுத்தது.

120 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். ஒவ்வொரு கம்ப்ரஸரும் ரிலீஸை ஒவ்வொரு விதமாக அளக்கிறது. ஒன்றில் 120 என்பது இன்னொன்றில் 200 மாதிரி இருக்கும். சைன் நோட்டைப் போட்டு, ரெண்டர் செய்து, பள்ளத்தைப் பார்த்து வையுங்கள்.

அட்டாக் பூஜ்யம்

பேஸ் அலை நடுவில் கத்தரித்த மாதிரி விழும், 'டிக்' என்று கேட்கும். 2 முதல் 5 மில்லிசெகண்டு கொடுங்கள். அந்த இடைவெளியைக் கிக்கின் முகம் மறைத்துவிடும்.

இடம் விடுவதையும் பம்பிங்கையும் குழப்புவது

கிக்குக்கு இடம் விட மூன்று முதல் ஆறு dB போதும். மொத்தப் பாட்டும் மூச்சு வாங்குவது மாதிரி வேண்டுமென்றால் பத்துக்கு மேல் போங்கள். அது ஸ்டைல். எனக்கு அதில் அவ்வளவாக ஆசை இல்லை, ஆனால் தப்பில்லை. எட்டில் நிறுத்துகிறவர்களைத்தான் எனக்குப் புரியவில்லை. இடம் விடுகிற மாதிரியும் இல்லை, மூச்சு வாங்குகிற மாதிரியும் இல்லை.

கிக்கை நகர்த்திவிட்டுப் பேயை மறப்பது

பேய்க் கிக்கால் வருகிற புதுத் தவறு இது. இரண்டாவது சரணத்தில் கிக் பேட்டர்னை மாற்றுவோம், பேய் பழைய இடத்திலேயே அடித்துக்கொண்டிருக்கும். கிக்கே இல்லாத இடத்தில் பேஸ் குனியும், கிக் இருக்கிற இடத்தில் நிமிர்ந்து நின்று மோதும். இப்போதெல்லாம் கிக்கையும் பேயையும் ஒரே பேட்டர்னுக்குள்தான் வைக்கிறேன். நகர்த்தினால் இரண்டும் சேர்ந்தே நகரும். திருப்பரங்குன்றத் தம்பி அதை வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்கிறேன் என்றான். ராத்திரி பதினொன்றரைக்குப் போன் வந்தது. "அண்ணே, பிரேக்டவுன்ல கிக்கே இல்ல, ஆனா பேஸ் மட்டும் குனிஞ்சுக்கிட்டே இருக்கு."