ஹெபடைடிஸ் பி கேஸ்: கோர் ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவ் என்றால் உடனே ‘விண்டோ’ என்று எழுதாதீர்கள்

முதுநிலை நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் ஹவுஸ் சர்ஜன்களுடன் ஹெபடைடிஸ் பி கேஸ்களைப் பேசும்போதெல்லாம், நாங்கள் படித்த காலத்தில் செய்த அதே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சர்ஃபேஸ் ஆன்டிஜென் பாசிட்டிவ் என்றால் உடம்பில் வைரஸ் இருக்கிறது, சர்ஃபேஸ் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் பாதுகாப்பு இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அதில் யாரும் தவறுவதில்லை. சறுக்குவது கோர் ஆன்டிபாடியில்தான். அதிலும் ஒரு தவறு எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருகிறது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், சற்று நீளமாகவே.

கோர் மட்டும் பாசிட்டிவ், உடனே விண்டோ பீரியட்

கேள்வி இப்படி வரும். 62 வயது ஆண். கழுத்தில் நெறிக்கட்டி, பயாப்சியில் பி செல் லிம்ஃபோமா. ரிடுக்சிமாப் சேர்ந்த கீமோதெரபி தொடங்கப் போகிறார்கள். மஞ்சள் காமாலை வந்ததாக நினைவில்லை. ஏஎல்டி 24. திரையில் ரிப்போர்ட்:

```
HBsAg           Negative
Anti-HBs        Negative
Anti-HBc total  Positive
```

பத்துப் பேரிடம் கொடுத்தால் பாதிப் பேராவது ‘அக்யூட் ஹெபடைடிஸ் பி, விண்டோ பீரியட்’ என்ற விடையைத் தொடுவார்கள். ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், புக்ல விண்டோ பீரியட்டுக்கு இதே வரிசைதானே போட்டிருக்கு?” இல்லை, இதே வரிசை இல்லை. புத்தகத்தில் அந்த இடத்தில் ஐஜிஎம் கோர் ஆன்டிபாடி என்று இருக்கும். இந்த ரிப்போர்ட்டில் இருப்பது டோட்டல். டோட்டல் என்றால் ஐஜிஎம்மும் ஐஜிஜியும் சேர்ந்தது. நேற்று வந்த தொற்றுக்கும் அது பாசிட்டிவ், நாற்பது வருடத்துக்கு முன்னால் வந்து போன தொற்றுக்கும் அது பாசிட்டிவ். காலத்தை அது சொல்லாது.

விண்டோ எப்படி உருவாகிறது என்று ஒரு முறை யோசித்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது. அக்யூட் தொற்று தணியும்போது சர்ஃபேஸ் ஆன்டிஜென் குறைந்துகொண்டே வரும், அதற்கு எதிரான ஆன்டிபாடி உருவாகத் தொடங்கும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் சில வாரங்களுக்கு இரண்டுமே பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம். அந்த இடைவெளியில் தெரிவது ஐஜிஎம் கோர் ஆன்டிபாடி. ஆக, விண்டோவில் இருக்கும் நோயாளி சமீபத்தில்தான் நோய்வாய்ப்பட்டிருப்பார். சில வாரங்களுக்கு முன் பசியின்மை, குமட்டல், மஞ்சள் கண் என்று ஏதாவது இருந்திருக்கும். ஏஎல்டி இன்னும் முழுதாக இறங்கியிருக்காது. கேள்வியில் இவற்றில் ஏதாவது ஒரு தடயம் வைக்காமல் விண்டோவைக் கேட்க மாட்டார்கள். இன்றைய பரிசோதனைகள் மிக நுட்பமானவை என்பதால் நிஜ வாழ்க்கையில் விண்டோவைப் பார்ப்பதே குறைந்துவிட்டது.

நம் 62 வயதுக்காரருக்கு இவற்றில் எதுவும் இல்லை. அப்படியானால் கோர் மட்டும் பாசிட்டிவ் ஆவதற்கு வேறு என்ன காரணம்? மூன்று காரணங்களை நினைவில் வைத்தால் போதும். ஒன்று, எப்போதோ தொற்று வந்து குணமாகி, வருடங்கள் போகப் போக சர்ஃபேஸ் ஆன்டிபாடி அளவிட முடியாத நிலைக்குக் குறைந்திருக்கலாம். இரண்டு, சர்ஃபேஸ் ஆன்டிஜென் பிடிபடாத அளவில் வைரஸ் கல்லீரலில் ஒளிந்திருக்கலாம். இதற்குத்தான் அக்கல்ட் ஹெபடைடிஸ் பி என்று பெயர். மூன்று, பரிசோதனையே தவறாகப் பாசிட்டிவ் காட்டியிருக்கலாம். தொற்று அரிதாக உள்ள நாடுகளில் மூன்றாவதற்கு வாய்ப்பு கூடுதல். இந்தியா போன்ற இடத்தில், இந்த வயதில், முதலாவதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அவர் பிறந்தபோது ஹெபடைடிஸ் பி தடுப்பூசியே கிடையாது. மரபணு முறையில் தயாரான தடுப்பூசி 1986இல்தான் வந்தது. சிறு வயதில் தொற்று வந்திருந்தால், அறிகுறியே இல்லாமல் வந்து போயிருக்கும்.

சரி, எப்போதோ வந்து போனதுதானே, இப்போது என்ன அவசரம்? இங்கேதான் இந்தத் தவறு உயிரைக் குடிக்கிறது. ஹெபடைடிஸ் பி குணமானாலும் அதன் டிஎன்ஏ கல்லீரல் செல்லின் உட்கருவில் சிறு வளையமாகத் தங்கிவிடுகிறது. அதை அடக்கி வைத்திருப்பது நம் எதிர்ப்பு மண்டலம். ரிடுக்சிமாப் பி செல்களைத் துடைத்து எடுக்கும் மருந்து, ஆகவே காவல் போய்விடும். வைரஸ் பெருகும், மறைந்திருந்த சர்ஃபேஸ் ஆன்டிஜென் திரும்பி வரும், பிறகு ஏஎல்டி ஏறும், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு வரை போகும். அமெரிக்காவின் எஃப்டிஏ 2013இல் இந்த மருந்தின் பெட்டி எச்சரிக்கையில் இதைச் சேர்த்து வலியுறுத்தியது. கீமோவுக்கு முன் சர்ஃபேஸ் ஆன்டிஜெனோடு கோர் ஆன்டிபாடியையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு மருத்துவமனையில் இதைக் கண்ணால் பார்த்தேன். லிம்ஃபோமாவுக்கு இதே மருந்து. தொடங்கும்முன் சர்ஃபேஸ் ஆன்டிஜென் மட்டும் பார்த்து, நெகட்டிவ் என்று ஃபைலில் எழுதிவிட்டார்கள். கோர் கேட்கவே இல்லை. கட்டி நன்றாகக் கரைந்தது. சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து மஞ்சள் கண்ணோடு வந்தார். அப்போது சர்ஃபேஸ் ஆன்டிஜென் பாசிட்டிவ், வைரஸ் அளவு மிக அதிகம். காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய் போய்விட்டது, ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை விட்டுப்போனதால் ஆள் போய்விட்டார். ‘விண்டோ’ என்று யாராவது வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கும்போது எனக்குக் கோபம் வருவது அதனால்தான். விண்டோ என்று நினைப்பவர் ‘தானாகச் சரியாகும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்’ என்று காத்திருப்பார். இந்த நோயாளிக்குக் காத்திருக்க நேரம் இல்லை.

ஆகவே இந்தக் கேஸில் செய்ய வேண்டியது: ஐஜிஎம் கோர் ஆன்டிபாடி கேளுங்கள். அது நெகட்டிவ் வந்தால் விண்டோவை மறந்துவிடலாம். கூடவே வைரஸ் டிஎன்ஏ அனுப்புங்கள். டிஎன்ஏ பாசிட்டிவ் என்றால் அக்கல்ட் தொற்று. நெகட்டிவ் என்றால் பழைய தொற்று. இரண்டில் எதுவானாலும், ரிடுக்சிமாப் தருவதாக இருந்தால் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் கொடுக்க வேண்டும். கீமோவுக்கு முன்பே தொடங்குவது நல்லது, தாமதமானால் கீமோவோடாவது தொடங்கிவிட வேண்டும். கடைசி டோஸ் முடிந்ததும் நிறுத்திவிடக் கூடாது. குறைந்தது 12 மாதம் தொடர வேண்டும், ஐரோப்பிய வழிகாட்டுதல் 18 மாதம் என்கிறது. பி செல்கள் திரும்ப வர அவ்வளவு காலம் ஆகிறது. நிறுத்திய பிறகும் கண்காணிக்க வேண்டும். விடைகளில் ‘ஏஎல்டியை மாதம் ஒருமுறை பார்ப்போம்’ என்று ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். ஏஎல்டி ஏறும் நேரத்தில் வைரஸ் பல வாரம் முன்னே ஓடிவிட்டிருக்கும்.

இதே மூன்று வரி ரிப்போர்ட்டை வைத்து ஆளை மட்டும் மாற்றியும் கேட்பார்கள். தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த ஆறு மாதக் குழந்தைக்குக் கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால், அது தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்த ஐஜிஜி. குழந்தைக்குத் தொற்று இருக்கிறது என்பதற்கு அது சான்று ஆகாது. அந்தக் குழந்தைக்குத் தடுப்பூசித் தொடர் முடிந்தபின், 9 முதல் 12 மாத வயதில், சர்ஃபேஸ் ஆன்டிஜெனும் சர்ஃபேஸ் ஆன்டிபாடியும் பார்ப்பார்கள். கோர் கேட்க மாட்டார்கள்.

சர்ஃபேஸ் ஆன்டிபாடி பாசிட்டிவ், ஆகவே தடுப்பூசி போட்டவர்

கோரையும் சேர்த்துப் பாருங்கள். தடுப்பூசியில் இருப்பது ஈஸ்ட்டில் தயாரித்த சர்ஃபேஸ் புரதம் மட்டும்தான், கோர் புரதம் அதில் துளியும் இல்லை. எனவே தடுப்பூசி கோர் ஆன்டிபாடியை உண்டாக்கவே முடியாது. ஒரு நர்ஸ் மூன்று டோஸும் போட்டிருக்கிறார், ஆனால் கோர் பாசிட்டிவ் என்றால், அவருக்குத் தடுப்பூசிக்கு முன்பே தொற்று வந்து போயிருக்கிறது என்பதே பொதுவான விடை. ‘தடுப்பூசி போட்டார்’ என்று கேள்வியில் எழுதியிருப்பதே திசைதிருப்பத்தான்.

இன்னொரு பொறியும் இதோடு வரும். கடைசி டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் சர்ஃபேஸ் ஆன்டிபாடி மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்கு மேல் வந்தால் தடுப்பூசி பிடித்துவிட்டது என்று பொருள். அதே ஆளுக்குப் பத்து வருடம் கழித்து 4 என்று வந்தால் பதறிவிடுகிறார்கள். எதிர்ப்பு மண்டலம் நலமாக உள்ளவருக்கு ஒரு முறை சரியான அளவு வந்தது பதிவாகியிருந்தால் அதுவே போதும், நினைவு செல்கள் வேலை செய்யும். டயாலிசிஸில் இருப்பவருக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு வருடா வருடம் அளந்து, 10க்குக் கீழே போனால் பூஸ்டர் போடுவார்கள்.

தடுப்பூசி போட்ட வாரமே சர்ஃபேஸ் ஆன்டிஜென் பார்ப்பது

ஊசியில் உள்ள புரதமே பாசிட்டிவ் காட்டலாம், 18 நாள் வரைகூட.

ஐஜிஎம் பாசிட்டிவ் என்றாலே அக்யூட் என்பது

பெரும்பாலும் சரி. எப்போதும் அல்ல. நாள்பட்ட தொற்று திடீரென்று சீறி எழும்போதும் ஐஜிஎம் கோர் ஆன்டிபாடி தென்படலாம், வழக்கமாகக் குறைந்த அளவில். கேள்வியில் எங்கேயாவது ‘இரண்டு வருடத்துக்கு முன் ரத்த தானத்தின்போது நிராகரிக்கப்பட்டார்’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அதைப் படித்துவிட்டீர்களானால் அக்யூட் என்று எழுத மாட்டீர்கள். சர்ஃபேஸ் ஆன்டிஜென் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட தொற்று. அந்தக் கணக்கை நோயாளியின் கதையிலிருந்துதான் எடுக்க முடியும்.

ரத்தத்தில் கோர் ஆன்டிஜெனைத் தேடுவது

தனியாகக் கிடைக்காது. கல்லீரல் திசுவில்தான் பார்க்க முடியும்.

இ ஆன்டிஜென் நெகட்டிவ், ஆகவே வைரஸ் தூங்குகிறது

40 வயதுப் பெண். சர்ஃபேஸ் ஆன்டிஜென் பல வருடமாகப் பாசிட்டிவ். இ ஆன்டிஜென் நெகட்டிவ், இ ஆன்டிபாடி பாசிட்டிவ். இதுவரை படித்ததும் ‘இனாக்டிவ் கேரியர்’ என்று முடித்துவிடுகிறார்கள். அடுத்த வரியில் ஏஎல்டி 110, டிஎன்ஏ மில்லிலிட்டருக்கு இரண்டு லட்சம் யூனிட் என்று இருக்கும். தூங்கும் வைரஸ் இப்படி இருக்காது. அந்த நிலையில் ஏஎல்டி தொடர்ந்து சாதாரணமாகவும் டிஎன்ஏ பெரும்பாலும் 2000க்குக் கீழும் இருக்கும்.

இவருக்கு நடந்தது வேறு. வைரஸின் ப்ரீகோர் பகுதியில் 1896ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறி, அங்கே நிறுத்தக் குறி விழுந்துவிட்டது. அதனால் இ ஆன்டிஜென் தயாராவதில்லை, ஆனால் வைரஸ் பெருகுவது நிற்கவில்லை. இவருக்கு இருப்பது இ ஆன்டிஜென் நெகட்டிவ் நாள்பட்ட ஹெபடைடிஸ், மருந்து தேவைப்படும் நிலை. இ ஆன்டிஜென் நெகட்டிவ் என்று பார்த்ததும் கையை எடுத்துவிடாமல், டிஎன்ஏவும் ஏஎல்டியும் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட்டு விடையைத் தொடுங்கள். ஏஎல்டி ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார்கள், அதுவும் சாதாரணம் என்றால், அதை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். இந்த வகையில் ஏஎல்டி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ஒரு வருடமாவது தொடர்ந்து பார்த்த பிறகுதான் ‘இனாக்டிவ்’ என்று எழுத முடியும்.