மூன்று மா நிலத்தில் ரசாயன உரமும் இயற்கை உரமும்: ஐந்து சம்பாப் பருவங்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

எங்களுக்குக் காவிரிப் பாசனத்தில் இருப்பது ஓர் ஏக்கர், அதாவது மூன்று மா. யூரியா போட்டுப் போட்டு மண் செத்துவிட்டது என்று ஒரு பக்கமும், எருவை மட்டும் நம்பினால் விதைநெல்கூடத் திரும்பாது என்று இன்னொரு பக்கமும் கேட்டுக் கேட்டு, கடைசியில் மாவுக்கு ஒரு முறையாக ஐந்து சம்பா செய்து பார்த்தேன். முதல் மாவில் ரசாயன உரம் மட்டும், இரண்டாவதில் இயற்கை உரம் மட்டும், மூன்றாவதில் இரண்டும் கலந்து. அதே ஒப்பீட்டைத் தங்கள் நிலத்தில் செய்ய விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். நாற்றங்கால், நடவு, களையெடுப்பு ஆகியவை உங்களுக்குத் தெரிந்தவையே என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் படி: தண்ணீரைப் பிரித்தல்

டெல்டாவில் தண்ணீர் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு வழிந்துதான் போகும். மேல் வயலில் யூரியா போட்ட மறுநாள் வாய்மடையைத் திறந்தால், கீழ் வயலும் அதில் பங்கு பெற்றுவிடும். ஆகவே இயற்கை உர மாவை வாய்க்காலை ஒட்டி மேலேயும், ரசாயன மாவைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். இடைவரப்புகளில் நண்டு வளை இருக்கிறதா என்று பார்த்து அடைக்கவும். நெல் ரகம், நாற்றின் வயது, நட்ட நாள் ஆகியவை மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: மண் மாதிரி

அறுவடை முடிந்து, எந்த உரமும் போடுவதற்கு முன், ஒவ்வொரு மாவிலும் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ‘வி’ வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை ஓரத்து மண்ணைச் சீவி எடுத்துக் கலந்து, அரை கிலோவாகக் குறைத்து மூன்று பைகளில் தனித்தனியே கொடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக் குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். அறிக்கையில் அங்ககக் கரிமம் என்ற வரியைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் குறைவு, 0.75க்கு மேல் இருந்தால் அதிகம் என்று கொள்வது வழக்கம். என் நிலத்தில் 0.48 இருந்தது.

ஆண்டுதோறும் இந்தச் சோதனையைச் செய்து ஏமாற வேண்டாம். ஒரு மாவின் மேல்மண் 15 செ.மீ. ஆழத்துக்கு ஏறத்தாழ 270 டன் எடை இருக்கும். அதில் கரிமம் 0.1 சதவீதம் உயர வேண்டுமானால் 270 கிலோ கரிமம் மண்ணில் தங்க வேண்டும். நாம் போடும் 1.7 டன் தொழு உரத்தில் பாதி தண்ணீர். மீதியில் உள்ள கரிமம் 250 கிலோவைத் தாண்டாது, அதிலும் பெரும்பகுதியை ஓராண்டுக்குள் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். தங்குவது சொற்பம் என்பதால், ஓராண்டு மாற்றத்தை ஆய்வகத்தின் அளவீட்டுப் பிழையிலிருந்து பிரித்தறிய முடியாது. முதலில் ஒன்று, நான்கைந்து ஆண்டு கழித்து ஒன்று, அது போதும்.

மூன்றாம் படி: தழைச்சத்துக் கணக்கு

நான் எடுத்துக்கொண்ட அளவு, ஏக்கருக்குத் தழைச்சத்து 60 கிலோ, மணிச்சத்து 20 கிலோ, சாம்பல் சத்து 20 கிலோ. உங்கள் மண் அறிக்கை வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். மாவுக்கு என்று வகுத்தால் தழைச்சத்து 20 கிலோ. ரசாயன மாவுக்கு 15 கிலோ டி.ஏ.பி., 38 கிலோ யூரியா, 11 கிலோ பொட்டாஷ் என்று கணக்கு சுலபமாக முடிந்துவிடுகிறது.

இயற்கை மாவில்தான் நான் தடுக்கி விழுந்தேன். மட்கிய தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம். 1.7 டன் போட்டால் எட்டு கிலோவுக்குச் சற்று மேல் வருகிறது என்று கணக்குப் போட்டு மகிழ்ந்தேன், ஆனால் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அந்தப் பருவத்தில் பயிருக்குக் கிடைக்கும். எஞ்சியது அடுத்தடுத்த ஆண்டுகளில் சிறுகச் சிறுக வெளிவரும். ஆக, முதல் சம்பாவில் எருவிலிருந்து கிடைப்பது மூன்று கிலோ. தக்கைப்பூண்டு நன்றாக வளர்ந்தால் மாவுக்கு இரண்டரை டன் பசுந்தழை தரும். அதில் 12 கிலோ அளவு தழைச்சத்து இருக்கும், அதிலும் பாதி அளவே உடனே கிடைக்கும். இரண்டையும் கூட்டினால் ஒன்பது பத்து கிலோதான். மீதிப் பத்து கிலோவைக் கடலைப் பிண்ணாக்கால் ஈடுகட்ட வேண்டுமென்றால், அதில் தழைச்சத்து ஏழு சதவீதம் என்பதால், ஒரு மாவுக்கே 140 கிலோ வேண்டும். அந்தச் செலவை நெல்லின் விலை தாங்காது. அதனால் இயற்கை மாவில் அந்தப் பற்றாக்குறையை அப்படியே விட்டேன், கலப்பு மாவில் அரை மூட்டை யூரியாவால் நிரப்பினேன். டி.ஏ.பி.யும் பொட்டாஷும் கலப்பு மாவுக்கும் உண்டு, டி.ஏ.பி.யில் வரும் தழைச்சத்தை யூரியாவில் கழித்துக்கொள்ளவும்.

நான்காம் படி: தக்கைப்பூண்டை மடக்கி உழும் நாள்

மாவுக்கு ஏழு கிலோ விதை. ஆற்றில் தண்ணீர் வந்ததும் ஜூன் இறுதியில் விதைத்தால், சம்பா நடவுக்கு நேரம் சரியாக இருக்கும். 45 நாள் ஆகி முதல் பூ தென்படும்போது மடக்கி உழுதுவிட வேண்டும். இதைத்தான் முதல் ஆண்டில் நான் கெடுத்துக்கொண்டேன். டிராக்டர் கிடைக்கவில்லை என்று 65 நாள் வரை விட்டேன். தண்டு குச்சியாகிவிட்டது. நாற்று முற்றிக்கொண்டிருந்ததால், உழுத மூன்றாம் நாளே நடவும் செய்தேன்.

இரண்டு வாரத்தில் பயிர் வெளுத்தது. பக்கத்து வயல்காரர் யூரியா தெளிக்கச் சொன்னார். ஒரு தூரைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுத்திருந்தது, கூமுட்டை நாற்றம் வீசியது, சேற்றில் கால் வைத்தால் குமிழி கிளம்பியது. காற்றில்லாச் சேற்றில் தழை அழுகும்போது உண்டாகும் நச்சுதான் வேரை முடக்குகிறது. இதற்கு யூரியா மருந்தல்ல. தண்ணீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு தோன்றும்வரை மூன்று நான்கு நாள் காயவிட்டு, பிறகு மெல்லத் தண்ணீர் கட்டினேன், புது வெள்ளை வேர் வந்தது.

இதே வெளுப்பு இன்னொரு காரணத்தாலும் வரும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வேர் நன்றாக இருந்து, நாற்றமும் இல்லாமல், கீழ் இலைகள் முதலில் மஞ்சளானால், அது தழைச்சத்துப் பசி. வைக்கோல் கலந்த மட்காத எருவையோ முற்றிய தண்டையோ சேற்றில் சேர்த்தால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. பயிருக்கு மிஞ்சுவதில்லை. கலப்பு மாவாக இருந்தால் ஐந்தாறு கிலோ யூரியா அப்போதே போடலாம். இயற்கை மாவில் காத்திருப்பதைத் தவிர வழி குறைவு. ஆகவே இளந்தழை என்றால் உழுதபின் குறைந்தது ஒரு வாரம், தண்டு முற்றியிருந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்தே நடுங்கள்.

எரு மட்கியதா என்று அறிய, ஒரு கைப்பிடி எடுத்து ஈரமாக்கி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து பாருங்கள். மண்வாசனை வந்தால் போடலாம், புளித்த நாற்றமோ சூடோ இருந்தால் குவியலை மீண்டும் புரட்டிப் போடவும். மூட்டையில் விற்கும் மண்புழு உரத்தை நான் வாங்குவதில்லை. ஒரு முறை வாங்கியதில் மணலே பாதியாக இருந்தது.

ஐந்தாம் படி: மேலுரம்

நாள் பார்த்து மேலுரம் போடுவதை விட்டு, இலை வண்ண அட்டைக்கு மாறுங்கள். விலை மிகக் குறைந்த அந்தப் பிளாஸ்டிக் அட்டைக்கு இணையான கருவியை நான் கண்டதில்லை. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், வெயில் படாமல் உங்கள் நிழலில் வைத்து, முழுதாக விரிந்த இளம் இலையை அட்டையோடு ஒப்பிடவும். பத்துப் பயிரில் ஆறு அல்லது அதற்கு மேல் எண் 4க்குக் கீழ் இருந்தால் உரம் தேவை. வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் எண் 3. ஒரு தடவைக்கு மாவுக்குப் பத்து கிலோ யூரியா போதும். கலப்பு மாவில் மூன்றாம் ஆண்டிலிருந்து, அட்டை கேட்கும் தடவைகள் ஒன்று குறைந்தன. எருவில் மிச்சமிருந்த சத்து வெளிவரத் தொடங்கியதை அதில்தான் முதலில் உணர்ந்தேன்.

என் கணக்கு

முதல் சம்பாவில் 60 கிலோ மூட்டையாக, ரசாயன மாவில் 11, கலப்பில் 11, இயற்கையில் 7 (மேலே சொன்ன என் தவறும் இதில் அடங்கும்). ஐந்தாம் சம்பாவில் முறையே 11, 12, 9. கரிமம் ரசாயன மாவில் 0.48இலேயே நின்றது, மற்ற இரண்டிலும் 0.56க்கு அருகில் வந்தது. எண்ணைவிட உழும்போது வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ரசாயன மாவில் கட்டி பெரிதாகப் பெயர்ந்தது, மற்றவற்றில் உதிர்ந்தது.

ரசாயன மாவின் மண் சாகவில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்று சத்தும் அளவாகக் கிடைத்து, தாளும் வேரும் வயலிலேயே மட்கினால் கரிமம் சரிந்துவிடுவதில்லை. கெடுப்பது யூரியாவை மட்டும் கொட்டும் பழக்கம். கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை முதலாக, நாட்டின் நீண்டகாலப் பரிசோதனைகள் காட்டுவதும் இதுதான்: தழைச்சத்தை மட்டும் பெற்ற நிலம் தளர்கிறது, மூன்று சத்துடன் எருவும் பெற்ற நிலம் தாக்குப்பிடிக்கிறது. ஒரே பருவத்தில் ரசாயன உரத்தை அடியோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை இலங்கை 2021இல் கண்டது. இறக்குமதித் தடை சில மாதங்களில் திரும்பப் பெறப்பட்டது, ஆனால் நெல் விளைச்சல் அதற்குள் விழுந்துவிட்டது.

பிற்சேர்க்கை: வைக்கோல்

“எரு போட்டும் நெல் பதராகிறது, இலை நுனி காய்கிறது” என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். விசாரித்ததில், வைக்கோல் முழுவதையும் ஆண்டுதோறும் விற்கிறார், பொட்டாஷ் போடுவதில்லை. ஒரு மாவிலிருந்து 700 கிலோ வைக்கோல் வெளியேறினால், அதனோடு சுமார் 20 கிலோ பொட்டாஷ் உரத்துக்குச் சமமான சாம்பல் சத்தும் வெளியேறுகிறது. நாம் போடுவதோ 11 கிலோ. மாடு வைத்திருப்பவர்களுக்கு அது எருவாகத் திரும்பிவிடும். வைக்கோலை விற்பவர்கள் பொட்டாஷை இரட்டிப்பாக்க வேண்டும், அல்லது அரிவாள் உயரத்தை ஏற்றிப் பாதித் தாளையாவது வயலில் விட வேண்டும்.

இன்னொரு சேர்க்கை: செம்மண் மானாவாரி

இந்தக் கணக்கு களிமண் நெல் வயலுக்கு உரியது. செம்மண்ணில் தொடர்ந்து யூரியாவும் அமோனியம் சல்பேட்டும் போட்டால் மண் புளிப்பேறும். நீர் தேங்கும் களிமண்ணில் அது அவ்வளவு வேகமாக நடப்பதில்லை. செம்மண்ணில் கார அமில நிலையை ஆண்டுக்கொரு முறை பார்த்து, 5.5க்குக் கீழ் போனால் சுண்ணாம்பின் அளவை ஆய்வகத்திடம் கேட்டு இடவும். காற்றோட்டம் அதிகம் என்பதால் எருவும் விரைவில் மட்கித் தீரும். எனவே தக்கைப்பூண்டுக்குப் பதில், குறைந்த ஈரத்திலும் வளரும் கொழிஞ்சியையோ சணப்பையோ விதைத்து, ஈரம் இருக்கும்போதே மடக்கி உழவும்.