விளம்பரக் கொப்பியைச் சரிபார்ப்பவர்கள் விடும் தவறுகள்

கொழும்பில் ஒரு விளம்பரம் வெளியே போகுமுன் கொப்பியை ஒருவர் வாசித்துப் பார்த்து, சிக்கலான வாசகங்களைக் குறித்து, எந்த விதி மீறப்படுகிறது என்று எழுதித் திருப்பி அனுப்புவது வழக்கம். பல இடங்களில் இந்த வேலை சட்டம் படித்தவரிடம் போவதில்லை. கொப்பி எழுதுபவரோ, வாடிக்கையாளரைக் கவனிக்கும் அலுவலரோதான் செய்கிறார். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒரு மாதிரிக் கொப்பியை எடுத்துக்கொள்வோம். நிறுவனம் கற்பனை. ஆனால் இந்த வகை வாசகங்களை நீங்கள் பேருந்தின் பின்புறத்திலும் பேஸ்புக்கிலும் நிறையப் பார்த்திருப்பீர்கள்.

"சலரோகத்துக்கு இனிப் பயமில்லை! நார்ச்சத்து நிறைந்த குரக்கன் பிஸ்கட். சீனி சேர்க்கப்படாதது. வைத்தியர்கள் சிபாரிசு செய்வது. உங்கள் தேநீருக்கு உலகின் மிக இனிய தோழன். இரண்டு பொதி வாங்கினால் மூன்றாவது இலவசம்!"

கீழே சின்ன எழுத்தில்: "சமச்சீரான உணவின் ஒரு பகுதியாக உட்கொள்ளவும்."

நிறுவனம் கூடவே மூன்று ஆவணங்களை அனுப்பியிருக்கிறது: பிஸ்கட்டின் ஆய்வுகூட அறிக்கை, சேர்மானப் பட்டியல், ஒரு வைத்தியரின் கடிதம்.

பெரும்பாலானோர் இங்கே விடும் முதல் தவறு, ஆதாரமில்லாத கூற்றையும் விளம்பரத்தில் விடுபட்ட நிபந்தனைக் குறிப்பையும் ஒரே குறையாகப் பார்ப்பது. இரண்டும் வேறு, இரண்டுக்கும் மருந்தும் வேறு. ஆதாரமில்லாத கூற்றை எடுத்துவிட வேண்டும், அல்லது ஆதாரம் தாங்கும் அளவுக்குக் குறைக்க வேண்டும். உண்மையான கூற்று, ஆனால் அதற்கு ஒரு எல்லை இருக்கிறது என்றால்தான் குறிப்பு உதவும். பிரித்தானியாவின் விளம்பரக் கோவை இதை 3.9 ஆம் விதியில் தெளிவாகச் சொல்கிறது: குறிப்பு கூற்றை விளக்கலாம், அதற்கு முரணாக இருக்கக் கூடாது. அந்தக் கோவை இலங்கையில் யாரையும் கட்டுப்படுத்தாது என்றாலும், யோசிக்கும் முறைக்கு நல்ல வழிகாட்டி.

இனிக் கொப்பிக்கு வருவோம். "சலரோகத்துக்கு இனிப் பயமில்லை" என்பதில் குணமாகும், கட்டுப்படும் என்ற சொல் எதுவும் இல்லை. தடைசெய்யப்பட்ட சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு தேடுபவருக்கு இது அகப்படாது. ஆனால் சலரோகம் உள்ள ஒரு அம்மா இதைப் படித்தால் என்ன விளங்கிக்கொள்வார்? இந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டால் தன் நோய்க்கு ஒன்றும் ஆகாது, அல்லது நன்மைதான் என்று. விதி பார்க்க வேண்டியது அந்த விளக்கத்தைத்தான். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவின் தன்மை, தரம், பாதுகாப்பு பற்றித் தவறான எண்ணம் தரக்கூடிய விளம்பரத்தைத் தடுக்கிறது. உணவுக்கான சர்வதேச நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு கூற்றுகள் பற்றி வெளியிட்ட பொது வழிகாட்டலின் (CXG 1-1979) 3.4 ஆம் பந்தியும், ஒரு நோயைத் தடுக்க, தணிக்க, குணப்படுத்த உணவு ஏற்றது என்று சொல்லும் கூற்றுகளைத் தடைசெய்யப்பட்டவற்றில்தான் வைக்கிறது. அடியில் உள்ள "சமச்சீரான உணவின் ஒரு பகுதியாக" என்ற வரி இதைக் காப்பாற்றாது. மேலே பயமில்லை என்று சொல்லிவிட்டுக் கீழே பக்குவமாகச் சாப்பிடு என்றால், படிப்பவர் மனதில் மேலே உள்ளதுதான் நிற்கும். எனவே திருத்தம் ஒன்றுதான்: நீக்கவும்.

அடுத்தது "நார்ச்சத்து நிறைந்த". இங்கே ஆதாரம் இருக்கிறது என்று பார்த்தவுடன் விட்டுவிடுவதுதான் தவறு. அறிக்கையைத் திறந்து பார்த்தால் 100 கிராம் பிஸ்கட்டில் 4.2 கிராம் நார்ச்சத்து என்று இருக்கிறது. கோடெக்ஸின் ஊட்டச்சத்துக் கூற்று வழிகாட்டல் (CXG 23-1997) திண்ம உணவுக்கு 100 கிராமில் 3 கிராம் இருந்தால் நார்ச்சத்து உள்ளது என்று சொல்ல இடம் தருகிறது. அதிகம் என்று சொல்ல 6 கிராம் வேண்டும். 4.2 கிராம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆக ஆதாரம் பொய்யல்ல, கூற்றுதான் அதைவிடப் பெரியது. "நார்ச்சத்து உள்ள" என்று மாற்றினால் சரி.

இந்த இடத்தில் அறிக்கையில் இன்னும் இரண்டு விடயங்களைப் பாருங்கள். மாதிரி எது: முடிந்த பிஸ்கட்டா, வெறும் குரக்கன் மாவா? குரக்கனில் நார்ச்சத்து நிறைய என்று சொல்லும் கட்டுரை, கோதுமை மாவில் கொஞ்சம் குரக்கன் கலந்த பிஸ்கட்டுக்கு ஆதாரமாகாது. அப்புறம், அறிக்கையின் திகதிக்குப் பிறகு செய்முறை மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் அந்த அறிக்கை வேறொரு பிஸ்கட்டைப் பற்றியது.

"சீனி சேர்க்கப்படாதது" என்பதைச் சேர்மானப் பட்டியலோடு ஒப்பிட்டால் போதும். மூன்றாவது இடத்தில் பேரீச்சம்பழப் பாணி இருக்கிறது. வெள்ளைச் சீனி இல்லைதான். ஆனால் அதே கோடெக்ஸ் வழிகாட்டலின்படி, எந்த வகைச் சர்க்கரையும் சேர்க்காமலும், சேர்த்த சர்க்கரையின் இடத்தைப் பிடிக்கும் சேர்மானங்கள் இல்லாமலும் இருந்தால்தான் இந்தக் கூற்றைச் சொல்லலாம். பாணி அந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. இதற்கும் குறிப்பு மருந்தல்ல. "பேரீச்சம்பழப் பாணியால் இனிப்பூட்டப்பட்டது" என்று மேலேயே சொல்லலாம், அது உண்மை.

"வைத்தியர்கள் சிபாரிசு செய்வது" என்பதற்கு ஆதாரமாக வந்தது ஒரு கடிதம். எழுதியவர் ஒருவர், அவரும் குரக்கன் நல்ல தானியம் என்றுதான் எழுதியிருக்கிறார், இந்த பிஸ்கட்டைப் பெயர் சொல்லவே இல்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 31 ஆம் பிரிவு, பொருளின் தரம், அங்கீகாரம், பயன் போன்றவை பற்றிப் பொய்யாகவோ தவறாக வழிநடத்தும் விதமாகவோ சொல்வதைத் தடுக்கிறது. குறிக்க வேண்டிய விதி இதுதான்.

விதி எழுதும்போது நடக்கும் தவறு இங்கேதான் அதிகம். அதே சட்டத்தின் 30 ஆம் பிரிவு, பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் எந்த நடத்தையையும் பொதுவாகத் தடுக்கிறது. எதற்கும் பொருந்தும் என்பதால் சிலர் எல்லாக் குறிப்புக்கும் 30 என்றே போட்டு விடுகிறார்கள். வாடிக்கையாளர் அதைப் பார்த்து என்ன திருத்துவது என்று விளங்காமல் தொலைபேசி எடுப்பார். குறிப்பான விதி இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாதபோது மட்டும் 30. எது சட்டம், எது வழிகாட்டல் என்பதையும் பிரித்துக் காட்டுங்கள். கோடெக்ஸ் தானாகவே இலங்கைச் சட்டம் ஆகாது. உணவுச் சட்டத்தின் கீழ் லேபலிடலுக்கும் விளம்பரத்துக்கும் தனி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் உள்ளன, நடைமுறையில் உள்ள பதிப்பைப் பார்த்துத்தான் இலக்கம் எழுத வேண்டும். பிரித்தானிய, இந்திய கோவைகளின் விதி இலக்கங்களை இங்கே மீறல் என்று எழுதுவதும் தவறு.

"உலகின் மிக இனிய தோழன்" என்பதை விட்டுவிடலாம். யாரும் அதை அளந்து பார்க்க மாட்டார்கள், யாரும் அதை நம்பி வாங்கவும் மாட்டார்கள். இதைக் குறிப்பவர்கள் பத்துக் குறிப்பில் ஆறு இப்படி இருக்க, சலரோக வரி அதற்குள் புதைந்து போகச் செய்கிறார்கள். ஆனால் அதே இடத்தில் "இலங்கையில் அதிகம் விற்பனையாகும்" என்று இருந்தால் கதை வேறு. அது எண்ணிப் பார்க்கக்கூடிய விடயம், விற்பனைத் தரவும் காலப்பகுதியும் கேட்க வேண்டும்.

கடைசி வரிதான் குறிப்பு உண்மையாகவே விடுபட்ட இடம். சலுகை மெய். ஆனால் நிறுவனத்தின் மின்னஞ்சலில் அது தெரிவுசெய்யப்பட்ட கடைகளில், மாத இறுதி வரைதான் என்று இருக்கிறது. விளம்பரத்தில் அது இல்லை. விடுபட்டதைக் குறிக்கும்போது மேற்கோள் காட்ட வாசகம் இல்லையே என்று சிலர் பொதுவாக "நிபந்தனைகள் இல்லை" என்று எழுதி விடுகிறார்கள். அந்த நிபந்தனைக் குறிப்பு தேவைப்படும் வாசகத்தை மேற்கோள் காட்டுங்கள். "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்ற வரியை ஒட்டினால் போதும் என்று நினைப்பதும் சரியல்ல, எந்த நிபந்தனை என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

ஆகத் திருப்பி அனுப்பும் குறிப்புகள் இப்படி இருக்கும்:

"சலரோகத்துக்கு இனிப் பயமில்லை!": நோய் பற்றிய கூற்று. உணவுச் சட்டம் 26/1980. வழிகாட்டல்: கோடெக்ஸ் CXG 1-1979, 3.4. நீக்கவும், அடிக்குறிப்பால் சரிசெய்ய முடியாது.

"நார்ச்சத்து நிறைந்த": ஆதாரம் 4.2 கிராம், தேவை 6 கிராம். வழிகாட்டல்: CXG 23-1997. "நார்ச்சத்து உள்ள" எனலாம்.

"இரண்டு பொதி வாங்கினால் மூன்றாவது இலவசம்!": கூற்று சரி. கடைகளும் முடிவுத் திகதியும் விடுபட்டுள்ளன. சட்டம் 9/2003, பிரிவு 30. சலுகை வரிக்கு அருகிலேயே, கைத்தொலைபேசியில் வாசிக்கக்கூடிய அளவில் சேர்க்கவும்.

மற்ற இரண்டும் இதே அமைப்புத்தான். மேற்கோள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும், உடுக்குறி இருந்தால் அதோடு சேர்த்து. சுருக்கி எழுதினால் வடிவமைப்பவர் கோப்பில் தேடும்போது கிடைக்காது, வேறு வரியைத் திருத்தி வைப்பார்.

மூன்று மொழியில் போகும் விளம்பரம் என்றால் மூன்றையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். சிங்களப் பதிப்பில் சலுகையின் திகதி இருந்து, தமிழில் இடம் போதாமல் விழுந்து போவது நடக்கும். தமிழ் வாசகருக்கு அது இல்லாத குறிப்புத்தான்.

திருத்திய கொப்பி திரும்பி வரும்போது மாற்றிய வரிகளை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். சலரோக வரி போயிருக்கும், அதன் இடத்தில் இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியின் படம் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் வந்திருக்கும். நீக்கிய கூற்றை அந்தப் படம் திரும்பச் சொல்கிறது. அதையும் அதே விதியின் கீழ் குறியுங்கள், மேற்கோளின் இடத்தில் "வலது மூலையில், பிஸ்கட்டுக்கு அருகில் உள்ள கருவியின் படம்" என்று எழுதி.